பிள்ளை உள்ளே சொன்னது அம்மாவுக்கு எவ்வளவு தெரியலாம்?

பிள்ளைகளுக்கான உளவளத்துணையில் இரகசியம், சம்மதம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறோம். கேட்டவர்களில் பெற்றோரும் உண்டு, பிள்ளைகளோடு வேலை செய்பவர்களும் உண்டு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

மகளுக்குப் பதினைந்து வயது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில டவுனுக்குக் கூட்டி வாறன். முக்கால் மணித்தியாலம் உள்ளுக்க கதைக்கிறா. என்ன கதைச்சீங்க எண்டு கேட்டா உளவளத்துணையாளர் சொல்லுறா இல்ல. பெத்த தாய்க்குத் தெரியக் கூடாதா? (தாய், களுவாஞ்சிக்குடி)

உங்களுக்குத் தெரிய வேண்டியவை நிறையவே இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சம்மதம் தருபவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆகவே பிள்ளைக்கு என்ன மாதிரியான சிரமம், எந்த முறையில் உதவி நடக்கிறது, இன்னும் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், முன்னேற்றம் உண்டா, வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கேட்கலாம். கேட்டால் தெளிவான பதில் வர வேண்டும். “அது இரகசியம்” என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மூடினால் அது பிழையான நடைமுறை.

ஆனால் உள்ளே பேசிய பேச்சு அப்படியே உங்களிடம் வராது. யாரோடு கோபம், யாரைப் பிடிக்கும், உங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவளோடு நிற்கும். எல்லாம் அம்மாவுக்குப் போகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த கிழமையிலிருந்து சோதனையையும் நித்திரையையும் பற்றித்தான் பேசுவாள். நீங்கள் அவளைக் கூட்டி வந்த காரணம் பேச்சிலேயே வராமல் போய்விடும்.

இந்த எல்லையை முதல் நாளில், பிள்ளை வாய் திறப்பதற்கு முன், மூவரும் ஒன்றாக இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். “மகள், நீங்க இங்க சொல்லுறத நான் அம்மாவுக்குச் சொல்ல மாட்டன். ஆனா மூண்டு விசயத்த வச்சிருக்க ஏலாது. நீங்க உங்களுக்கே ஆபத்துச் செய்யப் போறீங்க எண்டா, வேற ஒராளுக்கு ஆபத்து வரும் எண்டா, உங்களுக்கு ஆராவது தீங்கு செய்யிறாங்க எண்டா சொல்லத்தான் வேணும். அப்பவும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவன்.” இதே விசயம் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதப்பட்டு, தாய் சம்மதம் என்றும் பிள்ளை இணக்கம் என்றும் ஒப்பமிட வேண்டும். பிள்ளையின் ஒப்பம் சட்டப்படி போதாது. ஆனாலும் அது இல்லாமல் தொடங்கினால் கதிரையில் இருப்பது இழுத்து வரப்பட்ட பிள்ளை. ஒப்பம் வாங்க முதல், “நான் எதை அம்மாவுக்குச் சொல்லுவன், எதைச் சொல்ல மாட்டன், நீங்களே சொல்லிக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். தலையாட்டியதை விளங்கியதாக எடுக்கக் கூடாது.

உங்கள் விசயத்தில் இது நடக்கவில்லை போலத் தெரிகிறது. இப்போதும் கேட்கலாம்: நாலு சந்திப்புக்கு ஒரு முறை, மகளும் இருக்க, கால் மணித்தியாலம் மூவரும் பேசும் ஏற்பாடு. பஸ்ஸில் திரும்பும்போது “என்ன சொன்னாய்?” என்று கேட்பதை விடுங்கள். “அம்மா ஏதும் செய்ய வேணுமா?” என்று கேட்டால் பதில் வரும்.

தரம் 10 மாணவி. முன்கையில் பிளேடால் கீறிய கோடுகள். “அம்மாவுக்குச் சொன்னா செத்திருவன்” என்கிறாள். நான் அதற்கு முன்பே “யாருக்கும் சொல்ல மாட்டன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது? (வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை, அக்கரைப்பற்று)

அந்த வாக்கை இன்றே திருத்துங்கள், அதுவும் அவளிடம் நேரில். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கட உயிருக்கு ஆபத்து இருக்குமெண்டா நான் தனிய வச்சிருக்க மாட்டன்.” பிள்ளை கோபப்படுவாள், அழுவாள். பின்னால் தெரியவந்து உடைவதை விட இது நல்லது.

அடுத்தது ஆபத்தின் அளவை அறிவது. கீறுகிற எல்லாப் பிள்ளையும் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத உணர்வை அடக்கக் கீறுபவர்களே அதிகம். அதனால் நேராகக் கேளுங்கள்: கீறும்போது சாக நினைத்தாயா? வேறு எப்போதாவது அந்த நினைப்பு வந்ததா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? அதற்கான பொருள் வீட்டில் கைக்கெட்டுமா? முன்பு ஏதும் செய்து பார்த்தாயா? கடைசியாகக் கீறியது எப்போது, ஆழம் கூடி வருகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலான பிள்ளைகள் யாரோ கேட்டதில் ஆறுதலடைவார்கள்.

“செத்திருவன்” என்று அவள் சொன்னதையும் அளக்க வேண்டும். அது அம்மாவின் கோபத்துக்குப் பயந்த பேச்சா, உண்மையான எண்ணமா? அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் பதில் அங்கே இருக்கும். அடி, போனைப் பறித்தல், பள்ளியை நிறுத்துதல், மாமாவுக்குச் சொல்லுதல் என்று பிள்ளை வரிசையாகச் சொல்வாள். நீங்கள் தாயிடம் பேசும்போது முன்கூட்டியே தடுக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

இந்தப் பிள்ளை சாக நினைத்ததில்லை, திட்டம் இல்லை, ஆனால் இரண்டு மாதமாகக் கீறுகிறாள், இப்போது அடிக்கடி என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் அவகாசம் கொடுக்கலாம். சொல்வதா இல்லையா என்பது அவள் தெரிவு அல்ல. எப்படிச் சொல்வது என்பதை அவள் தெரிவு செய்யலாம்: நீங்கள் பக்கத்தில் இருக்க அவளே சொல்லலாம், அவள் இருக்க நீங்கள் சொல்லலாம், அல்லது அவள் வெளியே இருக்க நீங்கள் சொல்லிவிட்டுப் பிறகு உள்ளே கூப்பிடலாம். என்னென்ன சொல்வீர்கள் என்பதை அவளுக்கு முன்பே வாசித்துக் காட்டுங்கள்.

தாயிடம் சொல்வது இவ்வளவுதான்: பிள்ளை மனக்கஷ்டத்தில் கையைக் கீறுகிறாள். இன்றைக்குச் சாகும் எண்ணம் இல்லை என்று சொல்கிறாள். பிளேட், பனடோல், அம்மம்மாவின் பிரஷர் குளிசை, வயலுக்கு வாங்கிய மருந்து எல்லாவற்றையும் இன்றே பூட்டி வையுங்கள். அடிக்க வேண்டாம், கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம், இரவில் தனியே விட வேண்டாம். குளிசை ஏதும் போட்டதாகத் தெரிந்தால், பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பனடோல் கூடிப் போனால் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஈரல் பழுதாவது பிறகுதான் வெளிப்படும். ஏன் கீறினாள், யார் காரணம் என்பது தாயிடம் போக வேண்டியதில்லை. அதைப் பிள்ளையே சொல்ல விரும்பினால் சொல்லட்டும்.

இது பிழைத்துப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளை வகுப்புக்குப் போன பிறகு தாய்க்குப் போன் எடுத்து இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவது. பின்னேரம் வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளையும் திரும்ப உங்களிடம் வராது. நேரில் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாளில் அடுத்த சந்திப்பைக் குறித்துக் கொடுங்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதத்தோடு அனுப்புங்கள். இரவில் அவசரமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. திட்டமும் பொருளும் இருப்பதாகப் பிள்ளை சொன்னால் அவகாசம் எதுவும் இல்லை. தாய் அல்லது நம்பிக்கையான பெரியவர் வரும்வரை பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

அதிபர் கோப்பைக் கேட்டால், பிள்ளை எந்த நாளில் வந்தாள், பாடசாலை என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது போதும். குறிப்புகள் உங்கள் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும், ஆசிரியர் அறை மேசையில் அல்ல.

தாய் கட்டாரில். பேரனை நான்தான் வளர்க்கிறன். கிளினிக்கில தாய் தகப்பன் ஒப்பம் வேணும் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. (அம்மம்மா, வாழைச்சேனை)

திருப்பி அனுப்பியிருக்கத் தேவையில்லை. தகப்பன் ஊரில் இருந்தால் அவர் ஒப்பமிடலாம். இல்லையென்றால் தாயோடு வட்ஸ்அப் வீடியோவில் பேசி, என்ன உதவி, எவ்வளவு காலம், இரகசியத்தின் எல்லை என்ன என்று விளக்கி, அவர் சம்மதித்த திகதியையும் நேரத்தையும் கோப்பில் எழுதலாம். கடிதத்தில் ஒப்பமிட்டுப் படம் அனுப்பச் சொல்லலாம். நாளாந்தப் பராமரிப்பாளராக நீங்களும் ஒப்பமிடுங்கள். அன்றாட விசயம் யாருக்கு, பெரிய முடிவு யாருக்கு என்றும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே செய்தி உங்களுக்கு ஒரு விதமாகவும் கட்டாருக்கு இன்னொரு விதமாகவும் போய்ப் பேரன் நடுவில் மாட்டுவான். உயிராபத்து என்றால் ஒப்பத்துக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

பதினைந்து வயதுப் பிள்ளை, பத்தொன்பது வயதுப் பையனோடு தொடர்பு. “ஒரு விசயம் சொல்லவா மிஸ்?” என்று தொடங்கினாள். அந்த இடத்தில் நிறுத்த வேண்டுமா? (உளவளத்துணையாளர், கல்முனை)

நிறுத்தி, எல்லையை மறுபடி சொல்லுங்கள். பிறகு சொல்வதா என்று அவளே முடிவெடுக்கட்டும். 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்துக்குப் பிறகு, பதினாறு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உடலுறவு கொள்வது அவள் சம்மதித்தாலும் வல்லுறவுக் குற்றம். இது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லிவிட்டுப் பொலிஸ் வாசலில் நிற்கும் பிள்ளை, நாம் பொறி வைத்ததாகவே நினைப்பாள். அதே நேரம், கடிதமும் வட்ஸ்அப்பும் மட்டும் உள்ள காதலைக் குற்றமாக்கி வீட்டுக்கு அறிவிப்பதும் பிழை.

சொன்னது உடலுறவு, வற்புறுத்தல், படம் காட்டி மிரட்டல் என்றால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் பாவித்த சொற்களை அப்படியே எழுதி, திகதியும் நேரமும் போட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கோ அறிவியுங்கள். பல பேர் பல தடவை கேட்டால் பிள்ளை நொந்து போவாள், வாக்குமூலமும் மாறிப் பலவீனமாகும். தீங்கு செய்பவர் வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் என்றால், பிள்ளை பாதுகாப்பாகும் முன் வீட்டுக்குச் சொல்வது அவளை அவரிடமே திருப்பி அனுப்புவதாகும். பெற்றோருக்கு முதலில் சொல்லக் கூடாத சந்தர்ப்பம் இது.

மனைவி பிரிந்து போயிட்டா. மகன் தாயைப் பற்றி உங்களுக்குச் சொன்னதை எழுதித் தந்தா வழக்குக்கு உதவும். (தந்தை, மட்டக்களப்பு)

சிகிச்சை செய்பவர் பராமரிப்பு வழக்குக்கு மதிப்பீடு எழுதக் கூடாது. இரண்டும் வேறு வேலை, அதை நீதிமன்றம் வேறொருவரிடம் கேட்க வேண்டும். உங்களுக்குத் தரக்கூடியது மகன் எந்த நாள்களில் வந்தார் என்ற கடிதம்தான். ஆனால் கட்சிக்காரர் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் இருக்க வழக்கறிஞருக்குள்ள சிறப்புரிமை உளவியலாளருக்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் கோப்போடு போக வேண்டும். அப்போது உளவியலாளர் நீதிபதியிடம், கேட்கப்பட்ட விடயத்துக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் தர அனுமதி கோரலாம். அழைப்பு வந்ததையும், என்ன சொல்லப் போகிறார் என்பதையும் மகனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெற்றோர் பிரிந்திருப்பதாகத் தெரிந்தால் முதல் நாளிலேயே நீதிமன்றக் கட்டளையின் பிரதியை வாங்கி, தகவல் கேட்கும் உரிமை யாருக்கு என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.