பூங்காவில் வரும் சிரிப்பும் துக்க வீட்டில் வந்த சிரிப்பும்

"என் அப்பாவுக்கு 68 வயது. பத்து வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். எட்டு மாதமாகப் பூங்காவில் சிரிப்புச் சங்கத்துக்குப் போகிறார். அங்கே யாரும் ஜோக் சொல்வதில்லை, சும்மாவே கைதட்டிச் சிரிக்கிறார்கள். மனது லேசாகிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு முன் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். இப்போது மூன்று வாரமாக வீட்டிலும் திடீர் திடீரென்று சிரிக்கிறார். போன வாரம் ஒரு துக்க வீட்டில் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல், கடைசியில் அது அழுகையாக முடிந்தது. வெளியே வந்து வெட்கத்தில் தலைகுனிந்து நின்றார். அதிகமாகச் சிரித்தால் இதயம் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வேறு படித்தேன். அவர் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவர். சிரிப்புச் சங்கம் அவர் புத்தியைக் கெடுத்துவிட்டதா?"
— வாசகி, ஈரோடு

புத்தி கெடவில்லை; சிரிப்புச் சங்கம் யாருடைய புத்தியையும் கெடுப்பதில்லை. ஆனால் துக்க வீட்டில் வந்த சிரிப்பை நான் சாதாரணமாக விட்டுவிட மாட்டேன். இந்த வாரத்துக்குள் உங்கள் தந்தையை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதயம் நின்றுவிடும் என்ற செய்தியை அழித்துவிடுங்கள். படியேறும்போது நெஞ்சுவலி வராத ஒருவருக்குப் பூங்காச் சிரிப்பால் அப்படி எதுவும் ஆகிவிடாது. குடலிறக்கம் தைத்த இடத்தில் புதிதாகப் புடைப்போ வலியோ இல்லையென்றால் அதைப் பற்றியும் கவலை வேண்டாம்.

பூங்காவில் நடப்பது என்ன என்பது தெரிந்தால்தான் துக்க வீட்டில் நடந்தது எந்த வகையில் வேறு என்பது விளங்கும். சிரிப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் மதன் கட்டாரியா. 1995 மார்ச் 13 அன்று காலையில் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு ஆரம்பித்தார். முதலில் நம் ஊர் நகைச்சுவை மன்றங்களைப் போல ஆளுக்கொரு துணுக்குச் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நல்ல துணுக்குகள் தீர்ந்து, பிறரைப் புண்படுத்துபவையும் ஆபாசமானவையும் மிஞ்சின. சிலர் விலகிவிடுவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் துணுக்கே இல்லாமல் சிரித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, யோகா ஆசிரியையான தம் மனைவி மாதுரியின் துணையோடு மூச்சுப் பயிற்சியையும் அதில் சேர்த்தார். உங்கள் தந்தை செய்வது அதுதான்: 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்ற தாளத்துக்குக் கைதட்டுவது, கையை உயர்த்தி மூச்சை இழுத்துச் சிரிப்போடு வெளியே விடுவது, நாக்கை நீட்டிச் சிங்கம் போலச் சிரிப்பது, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லிச் சிரிப்பது. ஒவ்வொன்றும் அரை நிமிடமோ முக்கால் நிமிடமோதான். இடையிடையே மூச்சை ஆற்றிக்கொள்வார்கள்.

காரணமில்லாமல் பெரியவர்கள் சிரிப்பது உங்களுக்கு விபரீதமாகத் தெரிகிறது. உண்மையில் நாம் பெரும்பாலும் காரணமில்லாமல்தான் சிரிக்கிறோம். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் புரோவைன், கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் தம் மாணவர்களோடு சுற்றி, மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துவைத்தார். அவற்றில் வேடிக்கை என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்றைத் தொடர்ந்து வந்த சிரிப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'சரி, வரட்டுமா', 'உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்' போன்ற சப்பென்ற பேச்சுக்குப் பின்னால்தான் மீதி அத்தனையும் வந்தன. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது ஏறக்குறைய முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதே. உன்னோடு எனக்குப் பகையில்லை என்று சொல்லும் குரல்தான் சிரிப்பு. சங்கத்தில் முதல் இரண்டு நிமிடம் வருவது கட்டளைக்குப் போடும் சிரிப்பு. பக்கத்தில் நிற்பவரின் அசட்டு முகத்தைப் பார்த்ததும் அது தொற்றிக்கொண்டு உண்மைச் சிரிப்பாகிவிடுகிறது. நகைச்சுவை அதற்குத் தேவைப்படவே இல்லை.

இந்த இரண்டு சிரிப்பையும் உடம்பால் பிரித்தறிய முடியாது என்று சங்கங்களில் சொல்வார்கள். உடம்பு அவ்வளவு பேதையல்ல. வேண்டுமென்று சிரிக்கும்போது உத்தரவு மூளையின் மேற்பரப்பிலிருந்து வருகிறது. தானாகச் சிரிக்கும்போது அது உணர்ச்சிகளை ஆளும் ஆழமான பகுதிகளிலிருந்து வருகிறது. பக்கவாதத்தால் வாய் கோணியவரிடம் 'சிரியுங்கள்' என்றால் ஒரு பக்கம் அசையாது. அவரே பேரக்குழந்தையைக் கண்டதும் இரண்டு பக்கமும் மலரச் சிரிப்பதை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். இரண்டு பாதைகளும் கீழே மூளைத்தண்டில் வந்து சேர்கின்றன; முகத்தையும் மூச்சையும் குரலையும் ஒருசேர இயக்கிச் சிரிப்பையோ அழுகையையோ உண்டாக்கும் அமைப்பு அங்கேதான் இருக்கிறது. சபையறிந்து அதை அடக்கிவைக்கும் கடிவாளம் மேலிருந்து வருகிறது.

அந்தக் கடிவாளம் தளர்ந்தால் உள்ளே மகிழ்ச்சி இல்லாமலே சிரிப்பு வெடிக்கும். நிறுத்த நினைத்தாலும் நிற்காது. பாதியில் அழுகையாகத் திரும்பும். பல வருட ரத்த அழுத்தத்தில் மூளைக்குள் இருக்கும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஆங்காங்கே அடைபட்டு, கை கால் விழாமல், யாருக்கும் தெரியாமல் இந்தக் கடிவாளத்தின் இழைகளை அறுத்துவிடுவது உண்டு. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம், அவர் வெட்கத்தில் தலைகுனிந்து நின்றார் என்பது. இங்கிதமே மழுங்கிப்போகும் மறதி நோய் என்றால் துக்க வீட்டில் சிரித்ததற்கு அவர் வெட்கப்பட்டிருக்கவே மாட்டார். 'சிரித்தால் என்ன' என்று கேட்டிருப்பார். சில விநாடிகளே நீடித்து, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வந்து, பார்வை நிலைகுத்தி, பிறகு நினைவில்லாமல் போகும் சிரிப்பு என்றால் வலிப்பாக இருக்கலாம் என்று நினைப்பேன். தம் மனதுக்குச் சம்பந்தமில்லாத சிரிப்பு தம் முகத்தில் வந்துவிட்டதை முழு நினைவோடு அறிந்து வருந்துபவருக்குத் தளர்ந்திருப்பது பெரும்பாலும் கடிவாளம்தான்.

மாத்திரையை நிறுத்தியதும் இந்தக் கதையில் ஓர் அங்கம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இந்தக் கட்டற்ற சிரிப்பையும் அழுகையையும் சேர்த்தே அடக்கும்; இதற்கென்றே குறைந்த அளவில் அவற்றைக் கொடுக்கிறோம், பலருக்கு ஓரிரு வாரத்திலேயே குறையும். ஆகவே முன்பே இருந்த கோளாறை அந்த மாத்திரை மறைத்து வைத்திருந்து, நிறுத்தியதும் அது வெளியே வந்திருக்கக்கூடும். அதற்காகப் பழைய அட்டையைத் தேடி எடுத்து நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். தாமாக நிறுத்துவது ஒரு தவறென்றால், இரண்டு மாதம் கழித்துத் தாமாகப் பழைய அளவில் தொடங்குவது இன்னொரு தவறு.

மனது லேசாகிவிட்டது என்று அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எது லேசாக்கியது என்பதில் சங்கங்கள் கொஞ்சம் அவசரப்படுகின்றன. டெஹ்ரானில் மனச்சோர்வு கொண்ட வயதான பெண்கள் 70 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் சிரிப்பு யோகா, இன்னொன்றுக்குக் கூட்டு உடற்பயிற்சி, மூன்றாவதற்கு எதுவுமில்லை என்று வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. சும்மா இருந்தவர்களைவிடச் சிரித்தவர்களின் சோர்வு குறைந்தது; உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. நண்பர்களோடு சிரித்தால் மூளையில் இயற்கையான வலிநிவாரணிகள் சுரக்கின்றன என்று 2017-இல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அது வெறும் 12 இளைஞர்களிடம், அவர்களுக்கு நெருக்கமான நண்பர்களோடு வேடிக்கைக் காட்சிகளைப் பார்த்து உண்மையாகச் சிரித்தபோது கண்டது. எனவே, மனைவியை இழந்து காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கக் காரணமில்லாமல் கிடந்த ஒருவருக்கு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் பத்துப் பேரும், அரை மணி நேர அசைவும், நீண்ட மூச்சும், சிரிப்பும் சேர்ந்து உதவியிருக்கின்றன என்றே நான் கொள்கிறேன். லேசான சோர்வுக்கு அது நல்ல துணை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து, சாப்பாடு பிடிக்காமல், வாழ்வதே வீண் என்று தோன்றும் சோர்வுக்கு அது மருந்தாகாது. மாத்திரை வேலை செய்ததால்தான் சிரிக்கவே முடிந்தது என்பதை உணராமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து மோசமான நிலையில் வருபவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன்.

மருத்துவர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பார். அதுவரை தினமும் காலையில் ரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, பேச்சு முன்பைவிடக் குழைகிறதா, நடை சிறு அடிகளாகக் குறுகியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவை சேர்ந்திருந்தால் என் சந்தேகம் உறுதிப்படும். இதற்கிடையில் திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நரம்பியல் மருத்துவரின் தேதிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

சிரிப்புச் சங்கத்துக்குப் போவதைத் தடுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் 180-ஐத் தொடும் நாளில் மட்டும் வீட்டில் இருக்கட்டும். அங்கேயே அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டால் சற்று விலகி உட்கார்ந்து, பார்வையை வேறு பொருளின் மேல் வைத்து, மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். இது பலருக்கு அலையை முறிக்கிறது. வீட்டில் வரும்போது அதட்டாதீர்கள், கூடச் சேர்ந்தும் சிரிக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது அவர் சம்மதத்தோடு கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து, அதையும் பழைய மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆலோசனை அறையில் வந்து உட்கார்ந்ததும் இந்தச் சிரிப்பு வரவே வராது.