நடு இயந்திரத்தின் முன்னால் வரிசை நிற்கிறதா? மூன்று இயந்திர வரிசைமுறை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. வேலைகள் எல்லாம் மூன்று இயந்திரங்கள் வழியே ஒரே வரிசையில் போகும்போது, எல்லாம் சீக்கிரம் முடியும் வரிசையைக் கண்டுபிடிக்க, மூன்று இயந்திர நேரங்களை இரண்டாகக் கூட்டி ஜான்சனின் இரண்டு இயந்திர விதியைப் போடலாமா என்பதுதான் அது. எல்லாவற்றுக்கும் ஓர் அச்சகத்தையே எடுத்துக்கொள்கிறேன்: அச்சு, மடிப்பு, பைண்டிங்.

கேள்வி: அப்படிக் கூட்டுவதற்கு நிபந்தனைகள் இரண்டு என்கிறார்கள். இரண்டுமே பொருந்த வேண்டுமா?

ஒன்று போதும். எல்லா வேலைகளின் மடிப்பு நேரங்களிலும் பெரியதை எடுங்கள். அச்சு நேரங்களில் சிறியது அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் சரி. இல்லாவிட்டால் பைண்டிங் நேரங்களில் சிறியது அப்படி இருந்தாலும் சரி.

காரணம் புரிந்தால் மறக்காது. மிகச் சிறிய அச்சு வேலைகூட மிக நீண்ட மடிப்பை விடக் குறையாது என்றால், அடுத்த வேலை அச்சிலிருந்து இறங்குவதற்குள் மடிப்பு இயந்திரம் காலியாகிவிடும். அதன் முன்னால் வரிசையே உருவாகாது. பைண்டிங் பக்கம் நிபந்தனை பொருந்தும்போது மடிப்பின் முன் வரிசை நிற்கலாம், ஆனால் அதனால் நஷ்டம் இல்லை. மடிப்பை விட மெதுவான பைண்டிங்கில் அந்த வேலை எப்படியும் காத்திருந்திருக்கும்.

ஐந்து வேலைகள், நேரம் மணிக்கணக்கில்:

| வேலை | அச்சு | மடிப்பு | பைண்டிங் |
|---|---|---|---|
| 1 | 7 | 4 | 3 |
| 2 | 9 | 5 | 8 |
| 3 | 6 | 2 | 7 |
| 4 | 8 | 5 | 4 |
| 5 | 6 | 3 | 10 |

மடிப்பில் பெரியது 5. பைண்டிங்கில் சிறியது 3, பொருந்தவில்லை. அச்சில் சிறியது 6, பொருந்துகிறது. எனவே கூட்டலாம். அச்சும் மடிப்பும் சேர்ந்த முதல் கூட்டு, வேலை எண் வரிசையில் 11, 14, 8, 13, 9. மடிப்பும் பைண்டிங்கும் சேர்ந்த இரண்டாம் கூட்டு 7, 13, 9, 9, 13.

இனி வழக்கமான விதி. இருப்பதிலேயே சிறிய எண் 7. அது இரண்டாம் கூட்டில் இருப்பதால் வேலை 1 கடைசிக்குப் போகிறது. அடுத்தது 8, முதல் கூட்டில். வேலை 3 முன்னால் வருகிறது. இப்படியே போனால் கிடைப்பது 3, 5, 2, 4, 1. வேலை 4, 5 இரண்டிலும் 9 வருகிறதே என்று குழம்ப வேண்டாம்: 5-க்கு அது முதல் கூட்டில், 4-க்கு இரண்டாம் கூட்டில். ஒன்று முன்னால் போகிறது, மற்றது பின்னால் போகிறது.

கேள்வி: அதே கணக்கில் எனக்கு மொத்தம் 62 மணி வந்தது. விடை 43 என்கிறார்கள். எங்கே தவறினேன்?

வரிசை சரி, கடைசிக் கணக்கை மட்டும் கூட்டிய எண்களில் போட்டுவிட்டீர்கள். கூட்டு என்பது வரிசையைக் கண்டுபிடிக்க மட்டுமே. வரிசை கிடைத்ததும் பழைய மூன்று நிரல்களுக்குத் திரும்ப வேண்டும். அச்சு 36-ஆம் மணியில் முடிகிறது. கடைசி வேலையான 1, மடிப்பில் 36 முதல் 40 வரை, பைண்டிங்கில் 40 முதல் 43 வரை ஓடுகிறது.

ஆனால் உங்கள் 62 வீணில்லை. மடிப்பு நேரங்களின் கூட்டுத்தொகை 19. 62-இல் 19 போனால் 43. இது தற்செயல் அல்ல. ஒவ்வொரு மடிப்பு நேரமும் இரண்டு கூட்டுகளிலும் ஒருமுறை வருவதால், நிபந்தனை பொருந்தினால் வித்தியாசம் எப்போதும் மடிப்புத் தொகைக்குச் சரியாக இருக்கும். இல்லையென்றால் கூட்டலில் பிழை என்று பொருள். நான் விடைத்தாள் திருத்தும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: ஒவ்வொரு வேலையிலும் அச்சு நேரம் மடிப்பு நேரத்துக்குக் குறையவில்லை. அது போதாதா?

போதாது. மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இதுவே. வேலை 2 மடிப்பில் இருக்கும்போது அச்சில் ஓடுவது வேலை 2 அல்ல, அடுத்த வேலை. ஆகவே ஒப்பீடு வேலைகளுக்கு இடையே நடக்க வேண்டும். எது எதன் பின்னால் வரும் என்று தெரியாததால் சிறியதைப் பெரியதோடு ஒப்பிடுகிறோம்.

இரண்டே வேலைகளில் காட்டிவிடலாம். ஒன்று 5, 4, 4 மணி. மற்றொன்று 8, 8, 1 மணி. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் அச்சு மடிப்புக்குக் குறையவில்லை. ஆனால் அச்சில் சிறியது 5, மடிப்பில் பெரியது 8. கவலைப்படாமல் கூட்டினால் முதல் வேலைக்கு 9, 8. இரண்டாவதற்கு 16, 9. சிறிய எண் 8, இரண்டாம் கூட்டில். விதி முதல் வேலையைக் கடைசிக்குத் தள்ளுகிறது. பெரிய வேலை மடிப்பில் 8 முதல் 16 வரை ஓடுகிறது. சிறியது 13-ஆம் மணியிலேயே அச்சிலிருந்து இறங்கி 3 மணி நேரம் சும்மா கிடக்கிறது. எல்லாம் முடிய 24 மணி. வரிசையை மாற்றிப் போட்டால் 22 மணியில் முடிகிறது. விதி நம்மை 2 மணி ஏமாற்றிவிட்டது.

கேள்வி: நிபந்தனை பொருந்தவில்லை என்றால் கணக்கை அப்படியே விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். நிபந்தனை பொருந்தினால் விடைக்கு உத்தரவாதம் உண்டு. பொருந்தாவிட்டால் விடை தவறு என்று அர்த்தமில்லை. விதியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன கழித்தலைச் செய்யுங்கள். கூட்டு எண்களில் வந்த மொத்தத்திலிருந்து மடிப்புத் தொகையைக் கழித்தால் கிடைப்பது, எந்த வரிசையாலும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஓர் எல்லை. விதி தந்த வரிசையின் உண்மையான நேரம் அதைத் தொட்டுவிட்டால், நிபந்தனை பொருந்தாவிட்டாலும் அதுவே சிறந்த விடை.

முதல் கணக்கில் வேலை 2-இன் மடிப்பை 5-லிருந்து 7 ஆக்கிப் பாருங்கள். 6 இப்போது 7-ஐ விடச் சிறியது, நிபந்தனை உடைந்தது. வரிசை மாறவில்லை. கூட்டில் 64 வருகிறது, மடிப்புத் தொகை 21, எல்லை 43. உண்மையான நேரமும் 43 தான். கவலையில்லை. இரண்டு வேலைக் கணக்கிலோ கூட்டில் 33, மடிப்புத் தொகை 12, எல்லை 21. உண்மையில் வந்தது 24. இடைவெளி இருப்பதால் அந்த வரிசையை நம்ப முடியாது.

அப்படி இடைவெளி விழுந்தால், ஐந்து வேலைகளுக்கு 120 வரிசைகள்தான், கணினியில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வேலைகள் பெருகினால் அது நடக்காது. பொதுவான மூன்று இயந்திரக் கணக்கு கடினமான வகை என்று கேரி, ஜான்சன், சேதி மூவரும் 1976-இல் நிறுவினார்கள். (இவர் வேறு ஜான்சன், விதியைத் தந்தவர் 1954-இல் எழுதிய எஸ்.எம். ஜான்சன்.)

கேள்வி: எங்கள் அச்சகத்தில் நடுவில் இருப்பது இயந்திரமே இல்லை, தாள் மை காய வேண்டும், அவ்வளவுதான். காயும் நேரம் சில வேலைகளுக்கு அச்சு நேரத்தை விட அதிகம். நிபந்தனை உடைகிறதே?

உங்களுக்கு அந்த நிபந்தனையே தேவையில்லை. பத்து வேலைகளின் தாள்கள் ஒரே நேரத்தில் ரேக்கில் காயலாம். ஒன்று காய்ந்து முடிய மற்றொன்று காத்திருப்பதில்லை. காயும் நேரத்தை இரு பக்கமும் கூட்டி விதியைப் போடுங்கள். அச்சிலும் பைண்டிங்கிலும் வேலைகள் ஒரே வரிசையில் போகும் என்று வைத்துக்கொண்டால், வருவதே சிறந்த வரிசை. சீக்கிரம் காய்ந்த வேலை மற்றொன்றை முந்திப் பைண்டிங்குக்குப் போகலாம் என்று விட்டால் மட்டும் இந்த உறுதி நிற்காது. அப்போது இன்னும் குறைந்த நேரம் கிடைக்க வாய்ப்புண்டு. ரேக்கில் இடம் பற்றாமல் தாள்கள் வெளியே காத்திருக்கத் தொடங்கினாலும் இந்தச் சலுகை போய்விடும்.