மாறி மாறி வந்தாலே விரியுமா?

"ஐயா, உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன். aₙ = (−1)ⁿ n/(n+1) விரியும் தொடர்வரிசை என்று நிறுவச் சொன்னார்கள். உறுப்புகள் பிளஸ், மைனஸ் என மாறி மாறி வருவதால் எல்லை இல்லை என்று எழுதினேன். ஐந்துக்கு ஒரு மார்க்தான் போட்டார்கள். விடை சரிதானே?"

விடை சரி, சொன்ன காரணம் செல்லாது. (−1)ⁿ/n என்பதும் பிளஸ், மைனஸாகத்தான் வருகிறது. ஆனால் அது 0-க்குக் குவிகிறது. குறி மாறுவது எதையும் நிறுவாது.

எழுத வேண்டியது இதுதான். ஒரு தொடர்வரிசை L-க்குக் குவிந்தால், அதிலிருந்து முன்பின் வரிசை குலையாமல் முடிவில்லாமல் பொறுக்கும் எந்தச் சப்சீக்வென்ஸும் அதே L-க்குத்தான் குவியும். இங்கே n = 2k என்று எடுத்தால் 2k/(2k+1), அது 1-க்குப் போகிறது. n = 2k−1 என்று எடுத்தால் −(2k−1)/(2k), அது −1-க்குப் போகிறது. L என்று ஒன்று இருந்திருந்தால் அது 1 ஆகவும் −1 ஆகவும் இருக்க வேண்டும். அது நடக்காது, ஆகவே விரியும். 'குவிந்தால்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டு எல்லைகளை மட்டும் எழுதினால் நிறுவல் அந்தரத்தில் நிற்கும்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் தேர்வுக்கு முதல் நாள் விற்கிற 'ஐந்து மார்க் நோட்ஸ்' பக்கம் போகாதீர்கள். எந்தக் கணக்கானாலும் 'இரட்டை, ஒற்றை' என்று ஒரே அச்சில் வார்த்து வைத்திருப்பார்கள். cos(nπ/2)-ஐ அதில் போட்டுப் பாருங்கள். ஒற்றை n-க்கு எப்போதும் 0. இரட்டை n-க்கு −1, 1, −1, 1 என்று வரும், அதற்கே எல்லை கிடையாது. நோட்ஸ் கூசாமல் '1' என்று எழுதியிருக்கும். இங்கே n = 4k எடுக்க வேண்டும், அப்போதுதான் 1. அது 0-வுடன் முரண்படும், வேலை முடிந்தது. செமஸ்டருக்குள் பாடத்தை ஓட்டி முடிக்கிற அவசரத்தில் இதையெல்லாம் வகுப்பில் யார் நின்று சொல்கிறார்கள்?

தலைகீழாகப் பிடிப்பவர்களும் உண்டு: இரண்டு சப்சீக்வென்ஸுக்கும் ஒரே எல்லை வந்தால் குவியும் என்று. அதே cos(nπ/2)-இல் n = 1, 5, 9… எடுத்தால் 0; n = 3, 7, 11… எடுத்தாலும் 0. ஆனாலும் அது விரிகிறது, ஏனென்றால் இரட்டை n-களை நீங்கள் தொடவே இல்லை. இரண்டும் சேர்ந்து எல்லா n-ஐயும் அடைத்தால் மட்டும் அந்த முடிவு செல்லும். முதலில் சில உறுப்புகள் விட்டுப்போனால் பாதகமில்லை. (−1)ⁿ/n-இல் இரட்டையும் ஒற்றையும் 0-க்குப் போகின்றன, இரண்டுக்கும் வெளியே உறுப்பு எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் அது குவிகிறது. இதைத் தேர்வில் எழுதினால், 'இவ்விரண்டும் எல்லா n-ஐயும் உள்ளடக்கும்' என்ற வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.