நண்பரின் ரெஸ்யூமேவில் எதை முதலில் திருத்தச் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: கணக்குப் பிரிவில் நான்கு வருட அனுபவம் உள்ள நண்பன், ரெஸ்யூமேவைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். 23 குறிப்புகள் எழுதி அனுப்பினேன். ஒரு வாரமாகப் பதிலே இல்லை. என்ன தவறு?

பதில்: உங்கள் குறிப்புகள் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் 23 குறிப்புகளை ஒரே வரிசையில் பார்ப்பவருக்கு, காற்புள்ளி விடுபட்டதும் வேலையே கைநழுவக்கூடிய குறையும் ஒரே எடையில்தான் தெரியும். முதல் முறை மூன்றே குறிப்புகளை அனுப்புங்கள்.

அதற்கும் முன்பாக, அவர் விண்ணப்பிக்கப்போகும் வேலையின் விளம்பரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் எது பெரிய குறை, எது சிறிய குறை என்று சொல்ல வழியில்லை. விளம்பரத்தில் ‘டாலி, ஜிஎஸ்டி தாக்கல், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு’ என்று இருந்து, இம்மூன்றும் உங்கள் நண்பரின் இரண்டாம் பக்கத்தில் ‘திறன்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்துகிடந்தால், அதுவே முதல் குறிப்பு. சமீபத்திய வேலையின் கீழுள்ள வரிகள் இரண்டாவது. மற்ற அனைத்தும் அவற்றுக்குப் பிறகுதான்.

இரண்டாவதைத்தான் பலரும் ‘இன்னும் நன்றாக எழுது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அண்மையில் எனக்கு வந்த ஒரு ரெஸ்யூமேவில் ‘ஜிஎஸ்டி தொடர்பான பணிகளுக்குப் பொறுப்பு’ என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்த முயலாமல், “மாதத்தின் 1ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை உன் மேசையில் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டேன். மூன்று கிளைகளின் விற்பனை பில்களைத் திரட்டி 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்வதையும், ஏறக்குறைய 400 கொள்முதல் பில்களை, விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் வராத பில்களுக்காக விற்றவர்களைத் தொலைபேசியில் பிடிப்பதையும், பிறகு 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் வாயால் சொன்னதையே இரண்டு வரிகளாக எழுதச் சொன்னேன். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஆகவே நேர்முகத் தேர்வில் எப்படிக் கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: எழுத்துப் பிழையைத்தானே முதலில் திருத்த வேண்டும்? ஒரு பிழையைப் பார்த்தாலே தூக்கிப் போட்டுவிடுவார்களே.

பதில்: பாதி சரி. பிழையோடு அனுப்பக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாளை நீக்கப்போகும் வரியில் இன்று பிழை திருத்துவது இருவருக்கும் வீண் வேலை. பிழைகளைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே விலக்கு தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும். அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் மற்ற திருத்தங்கள் எதுவும் பயன் தராது.

கேள்வி: ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்திகளாகப் பிரிக்கும் வடிவமைப்பை எங்கள் மென்பொருள் குழப்பிவிடுகிறது. அதை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை?

பதில்: இணையதளம் வழியாக விண்ணப்பிப்பவருக்கு நீங்கள் சொல்வது முதலிடத்திற்கே வரும்; என் வரிசையில் அதைச் சொல்லாமல் விட்டது குறைதான். அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடிஎஃப் கோப்பில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால், நிறுவனத்தின் பெயர் ஓரிடத்திலும் அங்கே பணியாற்றிய காலம் வேறோரிடத்திலும் சிதறிக் கிடக்கிறதா என்று பார்க்கலாம். சிதறியிருந்தால் ஒற்றைப் பத்திக்கு மாற்றச் சொல்லுங்கள். தெரிந்தவர் மூலம் நேரடியாக மேலாளரின் கைக்குப் போகும் ரெஸ்யூமேவுக்கு இது அவ்வளவு அவசரமில்லை.

கேள்வி: நான் 14 மாதம் வேலையில் இல்லை. அதை மறைக்க வருடத்தை மட்டும் போட்டால் போதுமா?

பதில்: நீங்கள் உங்கள் ரெஸ்யூமேவைப் பற்றிக் கேட்கிறீர்கள், நண்பருக்குச் சொல்வதானாலும் என் பதில் இதுதான். மாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். முந்தைய நிறுவனத்தின் பணி விடுவிப்புக் கடிதத்தில் தேதி இருக்கும். சரிபார்க்கும்போது இடைவெளி எப்படியும் தெரிந்துவிடும். காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும்.

கேள்வி: தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், புகைப்படம் எல்லாம் வைத்திருக்கிறாள் என் தோழி. எடுக்கச் சொன்னால் “எல்லாரும் போடுகிறார்களே” என்கிறாள்.

பதில்: மதத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புகைப்படத்தைப் பற்றி என்னால் ஒரே முடிவாகச் சொல்ல இயலாது. வளைகுடா வேலைகளுக்கு அதையும் நாட்டுரிமை, விசா நிலை ஆகியவற்றையும் கேட்பவர்கள் உண்டு. சென்னையில் பலர் கேட்பதில்லை. இதில் அவர் பிடிவாதமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இதற்காக வாதிட்டுக் களைத்துப்போனால், சமீபத்திய வேலையின் வரிகளைப் பற்றிப் பேச இருவருக்கும் பொறுமை இருக்காது.