ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் திறக்க மறுக்கிறதா?

கேள்வி: வங்கியிலிருந்து டவுன்லோடு செய்த ஸ்டேட்மென்ட் பாஸ்வேர்டு கேட்கிறது. நெட் பேங்கிங் பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்கிறது. வங்கிக் கணக்கில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, அதனால் குழப்பமா? இத்தனை பாஸ்வேர்டையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது, நோட்டில் எழுதிவைக்கலாமா?

பதில்: நெட் பேங்கிங் பாஸ்வேர்டுக்கும் இந்த ஃபைலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. ஸ்டேட்மென்ட் உருவாகும்போது உங்கள் விவரங்களை வைத்து வங்கி தானே ஒரு பாஸ்வேர்டைப் போட்டு ஃபைலைப் பூட்டிவிடுகிறது. பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும் மாதமும் சேர்ந்தது ஒரு வழக்கமான வடிவம். பிறந்த தேதி மட்டும், வாடிக்கையாளர் எண், மொபைல் எண்ணின் கடைசி இலக்கங்கள் என்று வேறு வடிவங்களும் உண்டு. எது உங்களுக்கு என்பது ஸ்டேட்மென்ட் வந்த மின்னஞ்சலிலோ டவுன்லோடு பக்கத்திலோ எழுதியிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

இனிஷியல் பற்றிய உங்கள் சந்தேகம் சரிதான். ஒருவரின் பெயர் வங்கிப் பதிவில் S DEVI என்றும், பிறந்த நாள் 1985 மார்ச் 7 என்றும் வைத்துக்கொள்வோம். ‘முதல் நாலு எழுத்து, அப்புறம் தேதி மாதம்’ என்பது விதியானால் DEVI0703 என்றுதான் எல்லோரும் போடுவார்கள். ஆனால் வங்கியின் மென்பொருள் முழுப் பெயரின் முதலிலிருந்து எண்ணியிருந்தால் அது SDEV0703. இடைவெளியையும் ஓர் எழுத்தாக எடுத்திருந்தால் S DE0703. இந்த மூன்றையும் சின்ன எழுத்திலும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. 7 என்பதை 07 என்றும், மார்ச்சை 03 என்றும் எழுத மறக்க வேண்டாம். கூட்டுக் கணக்காக இருந்தால் முதல் பெயருக்கு உரியவரின் விவரங்களை வைத்தும் பாருங்கள்.

எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் இந்த ஃபைல் முடங்காது, வங்கிக் கணக்கும் முடங்காது. நிதானமாகப் போடுங்கள். போனில் கீபோர்டு சில சமயம் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும், காப்பி பேஸ்ட் செய்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரலாம். பாஸ்வேர்டே கேட்காமல் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று வந்தால் கோளாறு வேறு: டவுன்லோடு பாதியில் நின்றிருக்கலாம், மறுபடி இறக்குங்கள். இன்னொன்று, ஃபைல் உருவான நாளில் வங்கியிடம் இருந்த விவரம்தான் அதன் பாஸ்வேர்டு. நடுவில் மொபைல் எண்ணை மாற்றியிருந்தால் பழைய ஃபைலுக்குப் பழைய எண்தான்.

பிறந்த தேதியும் மாதமும் மட்டும் என்றால் மொத்தமே 366 சாத்தியங்கள். பெயர் தெரிந்த ஒருவர் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டால் நொடிகளில் திறந்துவிடும். மின்னஞ்சல் தவறான ஆளிடம் போய்விட்டால் சட்டென்று படிக்க முடியாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு வங்கிக்கும் விதியை மட்டும் குறித்துவையுங்கள்: ‘இனிஷியல் சேர்த்து நாலு எழுத்து, பெரிய எழுத்து, தேதி மாதம்’. நோட்டில் எழுதினாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போடுவது தொல்லையாக இருந்தால் பூட்டில்லாத பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். குரோமில் ஃபைலைத் திறந்து, பிரிண்ட் போய், பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாத பிரதி கிடைக்கும். அச்சிட வங்கி தடை போட்டிருந்தால் இது நடக்காது. கணினியில் கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு qpdf என்ற இலவச நிரல் இருக்கிறது:

```
qpdf --password-file=- --decrypt stmt.pdf open.pdf
```

என்டர் தட்டிய பிறகு பாஸ்வேர்டை அடியுங்கள். கட்டளைக்குள்ளேயே எழுதினால் அது கணினியின் கட்டளை வரலாற்றில் தங்கிவிடும். ‘பிடிஎஃப் பூட்டை நீக்கித் தருகிறோம்’ என்னும் இணையதளங்களில் மட்டும் ஏற்றாதீர்கள். உங்கள் கணக்கு எண், முகவரி, வரவு செலவு எல்லாம் யாரோ ஒருவரின் கணினிக்குப் போய்விடும். பூட்டில்லாத பிரதியை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் போட்டுவைக்காதீர்கள், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டு முழுவதும் குறியாக்கம் செய்த கணினியில் வையுங்கள்.

நெட் பேங்கிங், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகள் கதையே வேறு. அவற்றில் விதி இருக்கக் கூடாது, ஒன்று மற்றொன்றைப் போல இருக்கவும் கூடாது. அதனால் தலையில் நிற்காது. பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜரிடம் விட்டுவிடுங்கள், அதுவே புதிதாக உருவாக்கியும் தரும். மேலே சொன்ன ஸ்டேட்மென்ட் விதிகளையும் அந்தந்த வங்கிப் பதிவின் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவிடலாம். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த மேனேஜரைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்களை அடுக்கி அதை அமையுங்கள். அதை மறந்தால் அந்த நிறுவனத்தாலும் பொதுவாக மீட்டுத் தர முடியாது. எனவே நீங்கள் கேட்ட நோட்டில் அல்லாமல் ஒரு தனித் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பூட்டிவையுங்கள்.