மேனுவலில் ஒரு பெயர், கடையில் வேறு பெயர்: பழைய இறக்குமதி காருக்கு ஆயில் தேர்வு

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து 2009 மாடல் ஹோண்டா சிஆர்-வி, 2.4 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றை வாங்கி மார்த்தாண்டத்தில் வைத்திருக்கிறேன். மேனுவலில் ஏடிஎஃப் இசட்-1, டூயல் பம்ப் ஃப்ளூயிட், ஹோண்டா பிஎஸ்எஃப் என்று எழுதியிருக்கிறது. இங்குள்ள கடைகளில் கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான், சிவப்பு ஆயில் போடலாம்’ என்கிறார்கள். எதை நம்பி எதை வாங்குவது?

பதில்: மேனுவலின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் எழுதியிருப்பது பொதுத் தரமா, கார் நிறுவனம் தனக்கென்று வைத்த பெயரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எஸ்ஏஇ, இஞ்சின் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ, பிரேக் ஆயிலுக்கான டாட் ஆகியவை பொதுத் தரங்கள். அவற்றை எந்த நிறுவனம் தயாரித்தாலும் எண்ணும் எழுத்தும் பொருந்தினால் போதும், பிராண்ட் உங்கள் விருப்பம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான இசட்-1, பின்சக்கரங்களை இழுக்கும் பெட்டிக்கான டூயல் பம்ப், பவர் ஸ்டியரிங்குக்கான பிஎஸ்எஃப் ஆகிய மூன்றும் ஹோண்டாவின் சொந்தப் பெயர்கள். இவற்றுக்கு வெளியில் சோதனை செய்து முத்திரை தரும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. ஆகவே இந்த மூன்றையும் ஹோண்டா சர்வீஸ் சென்டரின் உதிரிபாகக் கவுண்டரில் வாங்குவதே என் பரிந்துரை. கடைக்காரர் சொல்லும் ‘எல்லாம் ஒன்றுதான்’ முதல் வகைக்கு ஓரளவு சரி, இரண்டாம் வகைக்கு முற்றிலும் தவறு.

பொதுத் தர வகையில் இஞ்சின் ஆயிலும் பிரேக் ஆயிலும் வருகின்றன. அமெரிக்காவுக்குப் போன இதே வண்டியின் மேனுவலில் 5டபிள்யூ-20 என்று மட்டும் இருக்கும். மற்ற நாடுகளுக்குப் போனவற்றில் வெளி வெப்பநிலையை வைத்துப் பல தரங்களைக் காட்டும் படம் இருக்கும். நம் மாவட்டத்தில் அதிகாலையிலும் குளிர் என்று சொல்லத்தக்க நிலை வருவதில்லை என்பதால், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் இங்கே பெரிதாகப் பொருட்டில்லை. இஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று சொல்லும் பின் எண்ணையே பார்க்க வேண்டும். ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி என்று டப்பாவில் அச்சிட்ட 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் ஆயிலை, அது காஸ்ட்ரால், மொபில், ஷெல் எதுவாக இருந்தாலும், இந்த இஞ்சினுக்கு நான் தயங்காமல் போடுவேன். ஃபில்டரோடு சேர்த்து மாற்றும்போது சுமார் 4.2 லிட்டர் பிடிக்கும். பழைய வண்டி என்பதற்காக 20டபிள்யூ-40 போடச் சொல்பவர்கள் உண்டு. இந்த இஞ்சினின் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு சிறிய துவாரங்கள் வழியாக வரும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது என்பதால், அந்தக் கெட்டியான ஆயில் வேண்டாம். பிரேக்குக்கு டாட் 3 அல்லது டாட் 4 போடலாம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பார்க்கும் நம் ஊர் ஈரத்தை பிரேக் ஆயில் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கொதிநிலை கூடிய டாட் 4 நல்லது. சிலிக்கோனால் ஆன டாட் 5 இந்த வண்டிக்குரியது அல்ல.

அடுத்தது கியர்பாக்ஸ். இசட்-1 என்ற பெயரைக் கேட்டால் ஹோண்டா கவுண்டரிலும் ‘இல்லை’ என்றே சொல்லக்கூடும். அதைக் கேட்டு மனம் தளர்ந்து வெளிக்கடைக்குப் போய்விடாதீர்கள். இசட்-1ஐ ஹோண்டா நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் ஏடிஎஃப் டிடபிள்யூ-1 என்ற ஆயிலைக் கொண்டுவந்துவிட்டது. டிடபிள்யூ-1 பழைய வண்டிகளுக்கும் பொருந்தும், உள்ளே மிச்சமிருக்கும் இசட்-1 உடன் கலந்தாலும் கெடுதல் இல்லை. இந்தியாவில் விற்ற பழைய சிவிக், சிட்டி ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும் இதுவே என்பதால், சிஆர்-வி அரிதாக இருந்தாலும் ஆயில் அரிதல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே கவுண்டரில் சிவிடி கியர்பாக்ஸுக்கான ஹோண்டா ஆயிலும் இருக்கும், டப்பாவும் பார்வைக்கு ஒத்திருக்கும். உங்கள் வண்டி ஐந்து கியர் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக் என்பதால் அது வேண்டாம்.

கடைகளில் தரும் சிவப்பு ஆயில் பெரும்பாலும் டெக்ஸ்ரான் 3 வகையைச் சேர்ந்தது. இசட்-1 கிடைக்காவிட்டால் தற்காலிகமாக டெக்ஸ்ரான் 3 ஊற்றலாம், தொடர்ந்து பயன்படுத்தினால் கியர் மாறும் தன்மை கெடும் என்று சில பழைய ஹோண்டா மேனுவல்களிலேயே ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பின் முதல் பாதி மட்டும் ஒர்க்‌ஷாப்புகளில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு தயாரித்த டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால், அது விற்பவரின் சொல் மட்டுமே, யாரும் சோதித்துத் தந்த சான்று அல்ல. ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக் பெட்டி மற்றவர்களுடையதைப் போன்ற அமைப்பும் அல்ல. இணையான தண்டுகளில் பல்சக்கரங்களை வைத்து, ஒவ்வொரு கியரையும் தனித்தனி கிளட்ச் தகடுகளால் பிடிக்கும் அமைப்பு அது. அந்தத் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது இறுகப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் சேர்த்த மருந்துதான் தீர்மானிக்கிறது. பொருந்தாத ஆயிலைப் போட்டால் வண்டி உடனே நின்றுவிடாது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஓர் உதைப்பும், நிதானமான வேகத்தில் ரோட்டின் மேடு பள்ளத்தில் போவது போன்ற நடுக்கமும் மெல்லத் தோன்றும்.

வெளி நிறுவன டப்பாவைத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், பின்பக்க எழுத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ‘எல்லா ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் ஏற்றது’ என்ற வரிக்கு மதிப்பில்லை. ஹோண்டா இசட்-1, டிடபிள்யூ-1 என்ற பெயர்கள் அப்படியே அச்சாகியிருக்க வேண்டும். வால்வோலைன் மேக்ஸ்லைஃப் ஏடிஎஃப் அவ்விதம் பெயர் சொல்லும் ஆயில்களில் ஒன்று. அப்போதும் அது அந்த நிறுவனத்தின் உறுதிமொழியே, ஹோண்டாவின் ஒப்புதல் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் இரண்டரை லிட்டர் அளவே இறங்கும். உள்ளே மொத்தம் ஏழு லிட்டர் அளவு இருப்பதால், ஒரு முறை மாற்றினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் புதியதாகும். இடையிடையே வண்டியை எல்லா கியரிலும் ஓட்டி மூன்று முறை மாற்றினால், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு புதிய ஆயிலாகிவிடும். முன்னால் இருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாத உங்கள் வண்டிக்கு இந்த மூன்று முறை அவசியம். அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம். மட்டம் பார்க்க, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்த பிறகு 60 முதல் 90 வினாடிக்குள் குச்சியை இழுத்துப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போதே பார்ப்பது வேறு நிறுவன வண்டிகளின் வழக்கம். இதில் அப்படிப் பார்த்தால் அளவு தவறும்.

அதிகம் பேர் தவறு செய்யும் இடம், பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டியான பின்பக்க டிஃபரென்ஷியல். மற்ற வண்டிகளில் அங்கே 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றுவது வழக்கம் என்பதால், மெக்கானிக்கின் கை தானாக அந்த டின்னுக்குப் போகிறது. இந்த வண்டியில் அந்தப் பெட்டிக்குள் இரண்டு சிறிய பம்புகளும் ஒரு கிளட்ச் தொகுதியும் உள்ளன. ஒரு பம்பை முன்னிருந்து வரும் தண்டு சுற்றுகிறது, மற்றொன்றைப் பின்சக்கரங்கள் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கும்வரை ஆயில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். முன்சக்கரம் சேற்றில் வழுக்கி வேகம் மாறினால், அழுத்தம் கூடி கிளட்ச் பிடித்து, பின்சக்கரமும் இழுக்கத் தொடங்கும். இந்த வேலைக்கு மெலிந்த, கிளட்சுக்கு ஏற்ற ஆயில் வேண்டும். அதுதான் டூயல் பம்ப் ஃப்ளூயிட், இப்போது கிடைப்பது டூயல் பம்ப் ஃப்ளூயிட் 2 என்ற பெயரில்.

தக்கலைப் பக்கத்திலிருந்து இதே மாதிரி வண்டி ஒன்று என்னிடம் வந்தது. சிறிது தூரம் ஓடிய பின், வீட்டு வளாகத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக எடுத்தால், பின்னாலிருந்து உறுமல் போன்ற சத்தமும் இழுத்துப் பிடிப்பது போன்ற தடையும் வரும். பேரிங் போய்விட்டது என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். நான் முதலில் மேலே உள்ள ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றினேன். எப்போதும் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், ஏனெனில் கீழே வடித்துவிட்டபின் மேல் போல்ட் துருப்பிடித்து வராவிட்டால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க நேரும். துளையில் விரலை விட்டு முகர்ந்ததும் கந்தக நெடி மூக்கில் ஏறியது. அது கியர் ஆயிலின் மணம். டூயல் பம்ப் ஃப்ளூயிடுக்கு அந்த நெடி கிடையாது, விரலிடுக்கில் தேன் போல் இழுபடாமல் மெல்லியதாக ஓடும். வடித்துவிட்டு, ஊற்றும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை சரியான ஆயிலை நிரப்பினோம். சுமார் ஒரு லிட்டர் பிடித்தது. காலி மைதானத்தில் இருபுறமும் எட்டுப் போட்டு ஓட்டி, மறுநாள் அதையும் வடித்து இரண்டாம் முறை நிரப்பியபோது சத்தம் நின்றது. பேரிங்கைத் தொடவே இல்லை. கிளட்ச் தகடு ஏற்கெனவே கருகியிருந்தால் இது உதவாது. வடிந்த ஆயிலில் கரித்தூள் அதிகமாக இருந்தால் அதை வைத்து உணரலாம்.

இந்த ஆயில் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் எடுத்த எடுப்பில் கிடைக்கும் சரக்கு அல்ல. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஹோண்டா கவுண்டரில் இரண்டு லிட்டருக்கு முன்கூட்டியே ஆர்டர் சொல்லிவிட்டு, வந்த பிறகே வண்டியை வேலைக்கு விடுங்கள்.

பவர் ஸ்டியரிங்குக்கும் சிவப்பு ஏடிஎஃப் ஊற்றுவது பல வண்டிகளில் சரியான வழக்கம்தான். ஹோண்டாவின் ரப்பர் சீல்களுக்கு மட்டும் அது ஒவ்வாது, நாளடைவில் கசிவு வரும். உங்கள் வண்டியின் ஸ்டியரிங் டேங்க்கைத் திறந்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. சிவப்பாக இருந்தால், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் டேங்க்கில் உள்ளதை உறிஞ்சி எடுத்து, ஹோண்டா பிஎஸ்எஃப் நிரப்பி, இரண்டு நாள் ஓட்டி மறுபடியும் உறிஞ்சி நிரப்புங்கள். காகிதத்தில் சிவப்பு மறையும்வரை இதைத் தொடர வேண்டும்.

கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஹோண்டாவின் டைப் 2 நீல நிறம், சிலிக்கேட் கலவாதது, தண்ணீர் கலந்த நிலையிலேயே வருவது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் சாயம் சேர்ப்பதால், நீலமாக உள்ளதெல்லாம் இதுவாகிவிடாது. அவசரத்துக்கு மட்டம் நிரப்ப வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும்.