வைட் சோஸ்: கட்டியும் களியும்

அக்கா, அரை லீற்றர் பாலுக்கு நாலு மேசைக்கரண்டி மாவும் நாலு கரண்டி பட்டரும் போட்டு மக்கரோனிக்கு சோஸ் காய்ச்சினன். தண்ணியா இருந்துது எண்டு இன்னும் ரெண்டு கரண்டி மா தூவினன். கட்டி கட்டியாப் போய், பிறகு களியாயிட்டுது. (கோண்டாவில்)

முதல் போட்ட நாலு கரண்டியே காணும் தங்கச்சி. கோதுமை மா பாலைத் தடிப்பாக்கிறது கொதி வாற நேரத்திலதான். அதுக்கு முதல் எவ்வளவு கிண்டினாலும் தண்ணியாத்தான் தெரியும். நீங்கள் அவசரப்பட்டுத் தூவின மா சுடுபாலில விழுந்த உடனே வெளிப்பக்கம் வெந்து தோலாகி, உள்ளுக்கு ஈரம் போக விடாமல் மூடியிருக்கும். ஒரு கட்டியை விரலால நசிச்சுப் பாருங்கோ, நடுவில மா உலர்ந்தபடி கிடக்கும். ஒடியல் மாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சுக் கூழுக்கு விடுறதும் இந்தப் பயத்திலதான். இங்க அந்த வேலையைப் பட்டர் செய்யுது. உருகின பட்டரில மாவை ஒரு நிமிசம் வறுத்தால் கொழுப்பு துகளைத் துகள் ஒட்டாமல் பிரிச்சு வைக்கும். பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, ஒவ்வொரு முறையும் பசை மாதிரி வழுவழுப்பான பிறகே அடுத்த விடுகை.

அளவு தலைதட்டின கரண்டிக் கணக்கு. 250 மில்லி பாலுக்கு மாவும் பட்டரும் ஒவ்வொரு கரண்டி எண்டால் சூப் பதம், ரெண்டெண்டால் பாஸ்ரா, மூண்டு நாலெண்டால் கட்லட்டுக்குள்ள வைக்கிற பதம். குவிச்சு அள்ளினால் ஒரு கரண்டி கிட்டத்தட்ட ரெண்டாயிடும். உங்கட ஆறு கரண்டி 500 மில்லிக்கு மூண்டுக் கணக்கு, அதுதான் களி. பேக் பண்ணுற மக்கரோனி சோஸை இன்னும் உறிஞ்சும், அதால கொஞ்சம் இளக்கமாவே இறக்குங்கோ.

பால் நல்லாக் கொதிச்சிருந்தால் கட்டி வராது எண்டு அம்மா சொல்லுறா, சரியோ? (சாவகச்சேரி)

அரைவாசி சரி. பட்டரில வறுத்த மாவுக்கு சூடான பாலும் விடலாம், கை வேகமா அடிக்க வேணும். வறுக்காத மாவில கொதிபால் விட்டால் கட்டிதான். நான் ஆறின பால்தான் விடுறனான். சூட்டுப்பாலில சுருக்கா முடியும் எண்டு சொல்லுற ஆக்களோட வாதாடி வெண்டதில்லை.

எனக்கும் சொதி இப்பிடித்தான் திரைஞ்சு போகுது அக்கா. (காரைநகர்)

அது வேற கதை தம்பி. சொதி திரையிறது தேங்காய்ப்பால் பிரியிறதால. தலைப்பால் விட்டபிறகு கொதிக்க விடாதேங்கோ, தேசிக்காய்ப்புளி இறக்கின பிறகு.

பிட்டுக்கு அவிச்ச மாதான் வீட்டில கிடக்கு. (மானிப்பாய்)

வேண்டாம். அரிச்சாலும் சின்னக் குருணல் இருக்கும், நாக்கில நெருடும். பச்சை மாதான் நல்லது.

கட்டி வந்தது வந்திட்டுது. இப்ப என்ன செய்ய? (கோண்டாவில்)

அடுப்பை நிப்பாட்டி, கம்பி வடியில ஊத்தி கரண்டியால அழுத்தி வடியுங்கோ. களிக்கு சூடான பால் ஒரு அரைக் கோப்பை விட்டு அடியுங்கோ. வடிச்ச கட்டியோட மாவும் போயிருக்கும், அதால கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்கோ. கரண்டியின்ர முதுகில சோஸ் ஒட்டி நிக்க, விரலால ஒரு கோடு கீறினால் மூடாமல் இருந்தால் பதம்.

மாஜரின் போட்டால்? (கோண்டாவில்)

பெட்டியில பாருங்கோ. கொழுப்பு குறைஞ்ச ஸ்பிரெட் எண்டால் தண்ணி கூட, மா உருண்டையாத் திரண்டு நிக்கும்.